திருத்துவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லாரும் புதிதாகத் தமிழில் எழுத ஆரம்பித்தவர்கள். பகலெல்லாம் ஆங்கிலத்தில் மெயில் அனுப்பி, வழியில் ஆட்டோக்காரரிடம் கன்னடம் பேசி, ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தமிழில் எழுத உட்காருபவர்கள். அவர்கள் கொண்டுவரும் முதல் பிரதிகளில் இரண்டு கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று விறைப்பு: நேரில் கலகலவென்று பேசுகிற ஆள், தாளில் கஞ்சி போட்ட சட்டை மாதிரி நிற்பார். இன்னொன்று மூச்சிரைப்பு: ஒரு வாக்கியம் தொடங்கினால் நாலு வரி தாண்டித்தான் முடியும்.

கண்ணால் எத்தனை முறை வாசித்தாலும் எழுதியவருக்கு இவை பிடிபடுவதில்லை. என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் கண் சொற்களைத் தாவிப் போய்விடுகிறது. வாய்க்குத் தாவத் தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் மென்றுதான் ஆகவேண்டும்.

பிரதியை எழுதி முடித்தாகிவிட்டது, திருத்த இன்னும் உட்காரவில்லை. நடுவில் வரும் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

உட்காருவதற்கு முன்

எழுதி முடித்த கையோடு வாசிக்காதீர்கள். ஓர் இரவாவது போகட்டும். சூடு ஆறாத பிரதியை வாசித்தால் தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதைத்தான் வாசிப்பீர்கள்.

அடுத்து, அச்செடுங்கள். எழுத்து 14 அளவு, வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, வலது பக்கம் மூன்று விரல் அகலம் வெற்றிடம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பத்திருபது ரூபாய்க்குள் முடிகிற வேலை. செல்போன் திரையிலிருந்து வாசித்தால் விரல் சும்மா இருக்காது, தட்டித் திருத்தப் போய்விடும். அது ஏன் கூடாது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

இடம் கொஞ்சம் சிக்கல்தான். பிஜி விடுதி அறையில் மூன்று பேரோடு இருப்பவர்கள் வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்பட்டு, மெட்ரோவில் உதட்டை மட்டும் அசைத்து வாசித்ததாகச் சொல்வார்கள். அது இந்த வேலைக்கு உதவாது. கிசுகிசுப்பாக வாசிப்பதும் உதவாது: கிசுகிசுக்கும்போது காற்று வேகமாக வெளியேறிவிடும், நல்ல வாக்கியம்கூட மூச்சு வாங்குவது போலத் தோன்றும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கதை சொல்லும் அளவுக்குச் சத்தம் வேண்டும். மொட்டை மாடி, நிறுத்திவைத்த கார், எல்லாரும் கடைக்குப் போன நேரத்துச் சமையலறை, எதுவும் சரி. நேராக உட்காருங்கள். படுத்துக்கொண்டு வாசித்தால் மூச்சின் கணக்கு மாறிவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, எனக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு வார்த்தை சுமாராக வருகிறது. அறுநூறு வார்த்தைப் பிரதிக்கு ஏழு நிமிடம். நாலு நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள் என்றால் வாசிக்கவில்லை, ஒப்பித்திருக்கிறீர்கள்.

பேனா வேண்டாம், பென்சில்

கையில் பென்சில் இருக்கட்டும். தொடக்கத்துக்கு மூன்றே மூன்று குறிகள் போதும். மூச்சு எடுத்த இடத்தில் ஒரு சாய்கோடு. நாக்கு தடுக்கிய சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். தாளில் ஒன்று இருக்க வாய் வேறொன்று சொன்னால் அடியில் ஒரு நெளிகோடு. ஏன் தடுக்கியது, எப்படிச் சரி செய்யலாம் என்றெல்லாம் அந்த நேரத்தில் யோசிக்கக்கூடாது. குறி போடு, நகரு. அவ்வளவுதான்.

சென்ற வருடம் எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணின் பிரதியை வைத்துச் சொல்கிறேன். ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். 2024 கோடையில் பெங்களூரில் தண்ணீருக்குப் பட்ட பாட்டை எழுதியிருந்தாள். சொல்ல நல்ல விஷயம் இருந்தது. முதல் வாக்கியம் இது:

"கடந்த 2024ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் எங்கள் குடியிருப்பு வளாகத்தில் அமைந்துள்ள இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் வற்றிப்போன காரணத்தினால் நாள்தோறும் ஆறு லாரி தண்ணீர் விலை கொடுத்து வாங்கப்பட வேண்டிய நிலை ஏற்பட்டதைத் தொடர்ந்து குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மட்டுமே தண்ணீர் வழங்கப்படும் என்று எடுத்த முடிவானது இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு மிகுந்த சிரமத்தை ஏற்படுத்தியது."

நாற்பத்தொன்பது வார்த்தை. இலக்கணப் பிழை என்று ஒன்றையும் காட்ட முடியாது. வாசிக்கச் சொன்னேன். "காரணத்தினால்" வரை வந்தவள் நிறுத்தி, பேனாவை எடுத்து அதை "வற்றியதால்" என்று மாற்ற ஆரம்பித்தாள். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன். "ஏன் அங்கிள், இது நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் நாலாக உடைய வேண்டியது. ஒரு சொல்லைச் சீராக்கியதும் அதன்மேல் ஒரு பாசம் வந்துவிடும், அப்புறம் உடைக்க மனம் வராது. கிழிந்த சட்டைக்கு முதலில் பித்தான் தைப்பது போல. இன்னொரு காரணமும் உண்டு. நடுவில் நிறுத்தித் திருத்தினால் காது அறுந்துபோகும். அடுத்த வாக்கியத்தை முந்தைய வாக்கியத்தின் ஓட்டத்தில் கேட்க வேண்டிய காது, பேனா முனையில் மாட்டிக்கொள்ளும். ஒரே தவறு பத்து இடத்தில் இருப்பது கடைசிவரை ஒரே மூச்சாகக் கேட்டால்தான் தெரியும்.

நாக்கு மாற்றிச் சொல்வதெல்லாம் பிழை இல்லை

தமிழில் வாய்விட்டு வாசிக்கும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். "இருக்கிறது" என்று எழுதியிருப்பதை வாய் தானாக "இருக்கு" என்று சொல்லிவிடும். புதிதாக இதைச் செய்பவர்கள் பயந்துபோய் பக்கம் முழுக்க நெளிகோடு போட்டுவிடுவார்கள். அல்லது எல்லாவற்றையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம்.

விகுதி மட்டும் மாறினால் விட்டுவிடுங்கள். "வருகிறார்கள்" என்பது "வர்றாங்க" ஆவது, "அவனுக்குத் தெரியவில்லை" என்பது "தெரியலை" ஆவது, இதெல்லாம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் கொண்டுள்ள பழைய ஒப்பந்தம். வாசகரும் அதைத் தலைக்குள் செய்துகொண்டேதான் வாசிக்கிறார்.

சொல்லே மாறினால் நெளிகோடு போடுங்கள். அந்தப் பெண் "அமைந்துள்ள" என்ற இடத்தில் "இருக்கிற" என்றாள். "முடிவானது" என்ற இடத்தில் வெறுமே "முடிவு" என்றாள். "மிகுந்த சிரமத்தை ஏற்படுத்தியது" என்பது அவள் வாயில் "ரொம்பக் கஷ்டமாப் போச்சு" என்று வந்தது. மூன்றையும் அவள் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் கோடு போட்டேன். கட்டடம் அமையும், நூலகம் அமையும். போர்வெல் "அமைந்துள்ளது" என்று அவள் வாழ்க்கையில் ஒருநாளும் சொன்னதில்லை, அதனால் நாக்கு அதை ஏற்கவில்லை. "மேற்கொள்ளப்பட்டது", "நிலவுகிறது", "வழங்கப்படுகிறது", "காரணத்தினால்" எல்லாம் இந்த இனம்தான்.

வரிசை மாறினால் அதைவிடக் கவனியுங்கள். தாளில் பின்னால் இருக்கும் ஒரு சொல்லை வாய் முன்னால் இழுத்துச் சொன்னால், அந்தச் சொல் உட்கார வேண்டிய இடம் அதுதான். ஓர் அம்புக்குறி போட்டுவைத்தால் போதும்.

நாலாவது ஒன்று இருக்கிறது, பலரும் கோட்டைவிடுவது இதைத்தான். தாளில் இல்லாத சொல்லை வாய் சேர்த்துக்கொள்ளும். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் "அதாவது" என்று நீங்களாகச் சொன்னால், முதல் வாக்கியம் விளங்கவில்லை என்று உங்களுக்கே உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. "ஆனா" என்று சேர்த்தால், இரண்டுக்கும் இருக்கும் முரண் தாளில் வரவில்லை. அந்த இடத்தில் ஓரத்தில் அந்தச் சொல்லையே எழுதிவையுங்கள். திருத்தும்போது அதைச் சேர்ப்பதா, முந்தைய வாக்கியத்தையே மாற்றுவதா என்று பார்க்கலாம்.

விறைப்புக்கு இன்னோர் அடையாளம், குரல் மாறுவது. வாசித்துக்கொண்டே வருகையில் திடீரென்று உங்கள் குரல் செய்தி வாசிப்பவர் குரலாகிவிடும். "என்பது குறிப்பிடத்தக்கது" வந்தால் நிச்சயம் ஆகிவிடும். எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் என் சொந்தப் பிரதியிலும் இன்னும் வருகிறது. அந்தக் குரல் தொடங்கிய வரியிலிருந்து முடிந்த வரிவரை ஓரத்தில் ஒரு நெடுங்கோடு.

மூச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள்

மூச்சிரைக்கும் வாக்கியம் என்றால் நீளமான வாக்கியம் என்று நினைத்துவிடுகிறார்கள். பிரச்சினை அளவில் இல்லை, மூச்சு விழும் இடத்தில்தான்.

தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். "செயலாளர்" என்று தொடங்கினால், அவர் என்ன செய்தார் என்று தெரியும்வரை கேட்பவர் அவரைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். நடுவில் மூச்சு வாங்கலாம், அதற்கு மொழியே இடம் வைத்திருக்கிறது. "வந்து", "பார்த்து", "கேட்டுவிட்டு" போன்ற வினையெச்சங்களுக்குப் பிறகு நிற்கலாம். "வந்தால்", "வந்தபோது" என்பவற்றுக்குப் பிறகு நிற்கலாம். "என்று" சொல்லி நிற்கலாம். "அப்பாவும், அம்மாவும்" என்று அடுக்கும்போது ஒவ்வோர் "உம்"முக்குப் பிறகும் நிற்கலாம். இந்த இடங்களில் குரல் சற்றே மேலே நிற்கும், இன்னும் வருகிறது என்று கேட்பவருக்குத் தெரியும்.

நிற்கக்கூடாத இடங்களும் உண்டு. பெயரெச்சத்துக்கும் அதை அடுத்த பெயருக்கும் நடுவில் நிற்க முடியாது. "நேற்று வந்த" என்று சொல்லி மூச்சு வாங்கி "பையன்" என்றால், காதில் ஒரு படிக்கட்டு காணாமல் போனது போல இருக்கும். "சங்கத்தின்" என்று நிறுத்தி "செயலாளர்" என்பதும் அப்படித்தான்.

இப்போது உங்கள் சாய்கோடுகளைப் பாருங்கள். அவை இயல்பான இடத்தில் விழுந்திருந்தால் வாக்கியம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் விட்டுவிடலாம். பெயரெச்சத்துக்குப் பின்னால் விழுந்திருந்தால் அந்த வாக்கியம் சரியில்லை. அந்தப் பெண்ணுக்கு முதல் கோடு "காரணத்தினால்" என்பதற்குப் பின் விழுந்தது, அது சரி. இரண்டாவது "வாங்கப்பட வேண்டிய" என்பதற்கும் "நிலை" என்பதற்கும் நடுவில் விழுந்தது. மூன்றாவது "எடுத்த" என்பதற்கும் "முடிவானது" என்பதற்கும் நடுவில். இரண்டும் விழக்கூடாத இடங்கள். "ஏற்பட்டதைத் தொடர்ந்து" என்பதில் வட்டமும் விழுந்தது.

இரண்டாம் முறை வாசித்தபோது இன்னொன்று நடந்தது. "ஆறு லாரி தண்ணி வாங்க வேண்டியதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குரலை இறக்கி நிறுத்திவிட்டாள். தாளில் அங்கே முற்றுப்புள்ளி இல்லை, அடுத்து என்ன என்று கண்ணால் தேடினாள். வாக்கியம் எங்கே முடிய வேண்டும் என்று அவள் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது. இப்படிக் குரல் தானாக இறங்கும் இடத்தில் சாய்கோட்டை இரட்டையாகப் போடச் சொல்வேன். திருத்தும்போது முற்றுப்புள்ளிக்கு வேறு எங்கும் அலைய வேண்டியதில்லை.

அதே பிரதியின் மூன்றாம் பத்தியில் இந்த வாக்கியம் இருந்தது:

"வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கெட்டைக் குழாயடியில் வைத்து, அது நிறைவதற்குள் குடத்தைக் கழுவி, குடம் நிறைவதற்குள் குக்கரைத் தேடி எடுத்து, கடைசியில் பால் பாத்திரத்திலும் பிடித்துவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்."

இதுவும் நாலு காரியம் அடங்கிய வாக்கியம். அவள் மூன்று இடத்தில் மூச்சு வாங்கினாள்: "வைத்து", "கழுவி", "எடுத்து". மூன்றும் வினையெச்சம். ஒரு வட்டம் இல்லை, ஒரு நெளிகோடு இல்லை. ஓடி ஓடித் தண்ணீர் பிடித்தது வாசிப்பிலேயே தெரிந்தது. "இதையும் உடைச்சுடட்டுமா?" என்று கேட்டாள். தொடவே கூடாது என்றேன். நீளமான வாக்கியங்களையெல்லாம் எண்ணிப் பார்த்து வெட்டுகிறவர்கள் இப்படிப்பட்டவற்றைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை, எண்களைப் பற்றி. தாளில் "2024" என்பது நாலு எழுத்து இடம். வாயில் "இரண்டாயிரத்து இருபத்து நான்கு". "ரூ. 1,250" என்பது "ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்". இரண்டு மூன்று எண்கள் ஒரே வாக்கியத்தில் வந்தால் கண்ணுக்குக் குட்டையாகத் தெரியும் வாக்கியம் வாயில் நீண்டுவிடும். எண்களை முழுதாக உச்சரித்து வாசியுங்கள், "இருபது இருபத்துநாலு" என்று சுருக்காதீர்கள்.

இன்னொரு காது

தனியாக இரண்டு முறை வாசித்த பிறகு, முடிந்தால் ஒருவரை உட்காரவைத்து வாசியுங்கள். இதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. என் மனைவி அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். நன்றாகத் தமிழ் பேசுவார், தமிழ் எழுத்து வாசிக்க வராது. இந்த ஊரில் இப்படி எத்தனையோ பேர், உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். இந்த வேலைக்கு அவர்களைப் போல ஆள் கிடையாது. தாளை எட்டிப் பார்த்து அர்த்தம் பிடித்துக்கொள்ள அவர்களால் முடியாது. காதில் விழுந்ததுதான் அவர்களுக்குப் பிரதி.

அவர்களிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லாருக்கு" என்பார்கள், அதோடு முடிந்தது. "எங்கேயாவது புரியலைன்னா கையைத் தூக்குங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கை தூக்கிய இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே வாசியுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அடுத்த பத்து வரியையும் அந்த விளக்கத்தின் தயவில்தான் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அந்த முதல் வாக்கியம் முடிந்ததும் என் மனைவி கை தூக்கிக் கேட்டார்: "நைட் ஷிப்ட் யாருக்கு, செக்ரட்டரிக்கா?" நியாயமான கேள்வி. செயலாளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, "இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும்" என்று காதில் விழுந்ததும் அவர்தான் திரும்புகிறார் என்று தோன்றியிருக்கிறது.

அடுத்த பத்தியில் இப்படி இருந்தது: "கூட்டம் கூட்டப்பட்டது. புகார்கள் தெரிவிக்கப்பட்டன. பல கருத்துகள் முன்வைக்கப்பட்டன. இறுதியில் நேரம் மாற்றப்பட்டது." எல்லாம் குட்டை வாக்கியங்கள், மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே முடிவு திரும்பத் திரும்ப வந்து காதில் கொட்டு மாதிரி விழுந்தது. நான் அதைத்தான் கவனித்தேன். மனைவி வேறொன்றைப் பிடித்தார். "யாரு மாத்தினா?" என்றார். அந்தப் பெண் யோசித்தாள். "தெரியலையே ஆன்ட்டி. மாறிடுச்சு, அவ்வளவுதான் தெரியும்." "படு" என்ற துணைவினைக்குள் அவளுக்கே தெரியாத ஒரு விஷயம் ஒளிந்திருந்தது. அதை எப்படி எழுதினாலும் சரியாகாது, செயலாளரைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத முடியும். ஓரத்தில் "கேட்க வேண்டும்" என்று எழுதிக்கொண்டாள்.

கேட்க ஆள் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அப்போது தாளைப் பார்க்காதீர்கள். சொந்தக் குரலைக் கேட்க முதலில் கூச்சமாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் போய்விடும். இன்னும் நல்ல வழி, தமிழ் வாசிக்கத் தெரிந்த, உங்கள் பிரதியை முன்பு பார்க்காத ஒருவரிடம் கொடுத்து அவரை வாசிக்கச் சொல்வது. எங்கே ஏறி இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, தாளில் இருப்பதை மட்டும் வைத்துத்தான் வாசிப்பார். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தித் திரும்ப முதலிலிருந்து தொடங்கினால், ஒன்றும் கேட்காமல் அந்த வாக்கியம் முழுவதையும் கட்டம் போட்டுவிடுங்கள். உரையாடல் நிறைய உள்ள கதைகளுக்கு இப்படி இன்னொருவர் வாசிப்பது அவசியம். பேச்சு வழக்கை எழுதியவர் தன் ஊர் ராகத்தில் வாசித்துச் சமாளித்துவிடுவார்.

வாய்க்குத் தெரியாதவை

நடித்து வாசிக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடம் முன்பு ஒரு கூட்டத்தில் என் கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். நல்ல கைதட்டல். அதே கட்டுரை ஒரு சிறுபத்திரிகையில் அச்சானதும் ஒரு நண்பர் போன் செய்து, இரண்டாவது பத்தியை மூன்று முறை வாசித்தேன், விளங்கவில்லை என்றார். எடுத்துப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தில் எழுவாயே இல்லை. மேடையில் அதை என் கை சுட்டிக்காட்டியிருக்கிறது. நல்ல குரல் உள்ளவர்கள் மட்டமான வாக்கியத்தையும் நிமிர்த்திவிடுவார்கள். ரேஷன் கடைப் பட்டியல் வாசிப்பது போல உணர்ச்சி இல்லாமல் வாசியுங்கள்.

எழுத்துப் பிழைகளுக்கு இந்த முறை உதவாது. "மனம்", "மணம்" இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கும் வாய்க்கு எது தாளில் இருக்கிறது என்று தெரியாது. ல, ள, ழ விஷயமும் அப்படியே. ஒற்று இன்னும் மோசம்: "பக்கெட்டை குழாயடியில்" என்று தாளில் இருந்தாலும் வாய் தானாக "பக்கெட்டைக் குழாயடியில்" என்று சேர்த்துக்கொள்ளும், விட்டுப்போனது தெரியவே தெரியாது. இதற்கெல்லாம் கடைசியில் கண்ணால் ஒரு தனி வாசிப்பு வேண்டும். அதை இதோடு கலக்க வேண்டாம்.

கட்டுரையின் அமைப்பையும் வாய் சொல்லாது, ஒன்றைத் தவிர. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாக "சென்று தேய்ந்து இறுதல்" என்பதைச் சொல்கிறது. போகப் போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவது. அது காதுக்குக் கேட்கும். கடைசிப் பக்கத்தில் உங்கள் குரலே அவசரப்பட ஆரம்பித்தால், எப்போது முடியும் என்று நீங்களே காத்திருக்கிறீர்கள். அவசரம் தொடங்கிய வரியில் ஒரு பெரிய பெருக்கல் குறி போடுங்கள்.

பென்சில் வேலை முடிந்த பிறகு

இரண்டு வாசிப்பும் முடிந்ததும் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். எழுத்தைப் பார்க்காமல் குறிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று மட்டும். அந்தப் பெண்ணின் பிரதியில் முதல் இரண்டு பத்தி கறுத்துக் கிடந்தது. மூன்றாவதிலிருந்து தாள் வெள்ளையாக இருந்தது. பக்கெட்டும் குடமும் வந்த பிறகு ஒரு பக்கத்துக்கு நாலே நாலு குறி. பெரும்பாலான புதிய பிரதிகளில் இப்படித்தான் பார்க்கிறேன்: எழுதுபவர் வாசலில் விறைப்பாக நின்று வணக்கம் சொல்லிவிட்டு, உள்ளே வந்த பிறகுதான் சட்டைப் பித்தானைக் கழற்றுகிறார். சில பிரதிகளில் மூன்றாம் பத்தியிலிருந்தே தொடங்கிவிடலாம், முன்னால் உள்ளது தேவையே இல்லை. இவளுக்கு அப்படி முடியாது, லாரித் தண்ணீர் விஷயம் முன்னால் வந்தாக வேண்டும்.

குவியல் இல்லாமல் பக்கம் முழுக்கச் சிதறி ஒரே வகைக் குறி இருந்தால், அது பழக்கம். எல்லாம் நெளிகோடு என்றால் உங்களுக்குள் ஒரு அலுவலகக் குமாஸ்தா உட்கார்ந்து எழுதுகிறார். எல்லாம் தப்பான இடத்துச் சாய்கோடு என்றால் ஆங்கிலத்தில் பின்னால் தொங்கும் விளக்கங்களைத் தமிழில் பெயருக்கு முன்னால் அடுக்கிக்கொண்டு போகிறீர்கள். அடுக்க அடுக்கப் பெயர் தூரம் போகும், மூச்சு அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

தாளை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். மறுநாள் புதிய தாளில் எழுதுங்கள், குறி போட்ட தாள் பக்கத்தில் இருக்கட்டும். திருத்திய வாக்கியத்தை மறுபடி வாசிக்கும்போது அதற்கு முந்தையதையும் அடுத்ததையும் சேர்த்து வாசியுங்கள். தனியாக நன்றாக ஒலிக்கும் வாக்கியம் பக்கத்து வாக்கியத்தோடு முட்டிக்கொள்வது உண்டு.

அடுத்த மாதம் அவள் கொண்டுவந்த தொடக்கம் இது:

"2024 கோடையில் எங்கள் அபார்ட்மென்டில் இரண்டு போர்வெல்லும் வற்றிவிட்டன. நாளுக்கு ஆறு லாரி தண்ணீர் வாங்க வேண்டியதாகிவிட்டது. காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் தண்ணீர் என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்கு இரவு வேலை. வீடு வந்து சேரவே ஏழரை ஆகும்."

அந்த ஏழரை முதல் பிரதியில் இல்லை. "மிகுந்த சிரமம்" போன இடத்தில் அது வந்து உட்கார்ந்திருந்தது. நேரத்தை மாற்றியது யார் என்றும் விசாரித்துவிட்டாள்: மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு நர்ஸ், அவரும் இரவு வேலை பார்ப்பவர். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டிருக்கிறார்.

வாசித்து முடித்தாள். என் மனைவி ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை. தாளை மடிக்கும்போதுதான் கேட்டார், "அந்தப் பால் பாத்திரத்துல பிடிச்ச தண்ணியை என்ன பண்ணினே?"